20, 40, 60 சதவீதம் குறைக்கணும், சரி. எதில் இருந்து?

தொடர்ஓட்டம் | நவம்பர் 2, ஞாயிறு மதியம்

23ஆம் தேதி மாரத்தான். இன்று காலை கடைசி 32 கி.மீ. முடிந்தது, இனி டேப்பர், அதாவது பந்தயம் வரை ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைப்பது. என் பிளானில் இதற்கு ஒரே வரிதான் இருக்கிறது: முதல் வாரம் 20 சதவீதம், அடுத்த வாரம் 40, பந்தய வாரம் 60 குறைக்கவும். எதில் இருந்து என்று எழுதவில்லை.

என் பெரிய வாரம் 70 கி.மீ. மூன்றையும் 70-இல் இருந்தே கழித்தால் 56, 42, 28 வருகிறது. ஒவ்வொரு வாரமும் அதற்கு முந்தைய வாரத்தில் இருந்து கழித்தால் 56, 33.6, 13.4. கடைசி வாரத்தில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு. அப்புறம், அந்த 28-இல் பந்தயத்தின் 42.2 சேருமா? சேருமென்றால் இப்போதே 14 கி.மீ. கடனில் நிற்கிறேன்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 2, ஞாயிறு மாலை

முந்தைய வாரத்தில் இருந்துதான். கூட்டும்போது "வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே" என்கிறோம். அங்கே பத்து சதவீதம் என்பது போன வாரத்தை வைத்துத்தானே? இறங்கும்போதும் அதே கணக்கு. ஷீட்டில் ஒரு ஃபார்முலா போட்டு இழுத்துவிட்டால் முடிந்தது. 13.4 சரியான விடை.

பந்தயம் சேராது. அது பயிற்சி இல்லை.

பத்துகே | நவம்பர் 2, ஞாயிறு இரவு

நான் பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை 20 சதவீதம் கூட்டுவேன். 5 நிமிடத்தில் ஓடுவதை 6 நிமிடத்தில் ஓடினால் கால் நன்றாக ஆறும். மூன்று வாரம் எதற்கு, நான்கு நாள் போதும்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 2, ஞாயிறு இரவு

@பத்துகே நான் கேட்டது தூரத்தைப் பற்றி. வேகத்தை அல்ல.

பழையஷூ | நவம்பர் 3, திங்கள் காலை

பிளான்களில் 20-40-60 என்று ஏறுவரிசையில் போட்டிருந்தால் அது எப்போதும் ஒரே அடிப்படையில் இருந்துதான். எண்கள் ஏறுவதே அதற்கு அடையாளம். முந்தைய வாரத்தை வைத்துக் குறைக்கச் சொல்கிறவர்கள் "ஒவ்வொரு வாரமும் 25 சதவீதம்" என்று ஒரே எண்ணைச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 70 என்பது 52, 39, 29 என்று இறங்கும். பாருங்கள், கடைசியில் 28-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. ஏறும் எண்ணையும் தொடர் கழித்தலையும் சேர்த்துப் போட்டால்தான் 13.4 வரும். அப்படி யாரும் பிளான் எழுதுவதில்லை.

அடிப்படை என்பதும் ஒற்றை உச்ச வாரமாக இருக்கக் கூடாது. கடைசி நான்கைந்து வாரத்தில், ஓய்வு வாரத்தைத் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியை எடுங்கள். உங்கள் வாரங்கள் என்ன?

தொடர்ஓட்டம் | நவம்பர் 3, திங்கள் காலை

66, 50, 68, 70. அந்த 50 திட்டமிட்ட ஓய்வு வாரம்.

பழையஷூ | நவம்பர் 3, திங்கள் மதியம்

அப்படியானால் சராசரி 68. அதில் 80 சதவீதம் 54 சொச்சம். நீங்கள் போட்ட 56-க்கும் இதற்கும் ஒன்றரை கிலோமீட்டர்தான் வித்தியாசம், விட்டுத்தள்ளுங்கள், 70-ஐயே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு உச்ச வாரமும் வழக்கமான வாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சலுகை. எல்லோருக்கும் அப்படி இருக்காது.

முட்டிவலி | நவம்பர் 3, திங்கள் மதியம்

எனக்கு அப்படி இல்லை! எனக்கு வழக்கம் 55. நடுவில் விடுமுறை கிடைத்தது என்று ஒரு வாரம் 80 ஓடினேன். 80-இல் 20 சதவீதம் குறைத்தால் 64. அதாவது டேப்பரின் முதல் வாரத்தில் வழக்கத்தைவிட 9 கி.மீ. அதிகம் ஓட வேண்டும்.

பழையஷூ | நவம்பர் 3, திங்கள் மதியம்

ஆமாம், அதனால்தான் ஒற்றை உச்சத்தை அடிப்படையாக வைக்காதே என்பது. உங்கள் அடிப்படை 55. அந்த 80-ஐ மறந்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 3, திங்கள் இரவு

13.4-ஐ அவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போடாதீர்கள். தொடர்ஓட்டம், உங்கள் பெரிய வாரத்தை நாள் வாரியாகப் போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 3, திங்கள் இரவு

செவ்வாய் 12, புதன் 8, வியாழன் 12 (நடுவில் 6 கி.மீ. வேகமான டெம்போ), சனி 6, ஞாயிறு 32. திங்களும் வெள்ளியும் ஓய்வு.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 3, திங்கள் இரவு

நினைத்தேன். உங்கள் ஞாயிறு 32, மற்ற நாட்கள் மொத்தம் 38. பந்தய வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பந்தயம் எடுத்துக்கொள்கிறது. எனவே அந்த 28-ஐ நீங்கள் ஓடப்போவது திங்கள் முதல் சனிக்குள். அந்த ஆறு நாளில் வழக்கமாக ஓடுவது 38. 38-இல் இருந்து 28 என்றால் குறைப்பு 26 சதவீதம்தான். தாளில் 60, காலில் 26.

என் 13.4-ஐ அதே 38-உடன் ஒப்பிட்டால் 65 சதவீதக் குறைப்பு. பிளான் சொன்ன 60-க்கு எது பக்கம்?

ஞாயிறுஓட்டம் | நவம்பர் 4, செவ்வாய் காலை

இது நல்ல கேள்வி. நான் இத்தனை காலமும் இப்படி யோசித்ததே இல்லை.

பழையஷூ | நவம்பர் 4, செவ்வாய் காலை

வந்த வழி தப்பு, ஆனால் கேள்வி சரி. பந்தய வாரத்து எண்ணில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "இன்னும் 28 பாக்கி இருக்கிறது" என்று புதன் 10, வியாழன் 10 ஓடிவிட்டு, ஞாயிறு காலையில் கால் ஏன் கட்டையாக இருக்கிறது என்று கேட்பார்கள்.

அதற்காக 13-க்கு இறங்கச் சொல்ல மாட்டேன். வாரம் ஐந்து நாள் ஓடிப் பழகிய உடம்பு இது. நான்கு நாளில் 13 என்றால் ஒவ்வொரு ஓட்டமும் மூன்று சொச்சம், கால் சூடாகும்போதே வீடு வந்துவிடும். நான் கொடுப்பது 18-இல் இருந்து 22 வரை. 20 என்று வைத்தால் 38-இல் ஏறக்குறைய பாதி. வாரம் முழுக்க இப்படி:

முதல் வாரம்: செவ்வாய் 10, புதன் 8, வியாழன் 10, சனி 6, ஞாயிறு 22. மொத்தம் 56.
இரண்டாம் வாரம்: 9, 6, 8, 5, ஞாயிறு 14. மொத்தம் 42.
பந்தய வாரம்: செவ்வாய் 7, புதன் 4, வியாழன் 6, சனி 3. மொத்தம் 20. பிறகு பந்தயம்.

முதல் வாரத்தை ஒருமுறை பாருங்கள். குறைந்த 14-இல் 10 கிலோமீட்டர் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மட்டும் போயிருக்கிறது. புதனும் சனியும் தொடவே இல்லை. டேப்பரின் சதவீதம் எல்லா நாளிலும் சமமாக வெட்டுவதற்கல்ல. முதலில் லாங் ரன், பிறகு நடுத்தர ஓட்டங்கள், ஈஸி ரன் கடைசியில்.

முட்டிவலி | நவம்பர் 4, செவ்வாய் மாலை

ஓட்டத்தைச் சுருக்குவதற்குப் பதில் இரண்டு நாளை மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன? அதே தூரம், அதிக ஓய்வு. எனக்கு முட்டி வேறு.

பழையஷூ | நவம்பர் 4, செவ்வாய் இரவு

நாள் எண்ணிக்கையைத் தொடாதீர்கள், தொட்டாலும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். போஸ்கே குழு 2007-இல் டேப்பர் ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தது. நன்றாகப் பலன் தந்தது இதுதான்: இரண்டு வாரம், தூரத்தில் 41 முதல் 60 சதவீதக் குறைப்பு, ஆனால் வேகமும் வாரத்துக்கு எத்தனை முறை என்பதும் அப்படியே. @பத்துகே இது உங்களுக்கும். 5 நிமிட ஓட்டத்தை 6 ஆக்கச் சொல்லவில்லை, 5 நிமிட வேகத்தில் ஓடுவதைக் குறைவாக ஓடச் சொல்கிறார்கள்.

தொடர்ஓட்டத்தின் வியாழன் டெம்போவை எடுத்தால், 6 கி.மீ. இருந்தது இரண்டாம் வாரத்தில் 3 அல்லது 4 ஆகும். வேகம் அதே. பந்தய வாரச் செவ்வாயில் 3 கி.மீ. மாரத்தான் பேஸ், வியாழனில் ஈஸியாக ஓடி முடித்துவிட்டு நான்கைந்து 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ், அதாவது சின்னச் சின்ன வேக ஓட்டம். அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 4, செவ்வாய் இரவு

போஸ்கே சொன்னது இரண்டு வாரம். நாம் மூன்று வாரம் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்புறம் அந்தத் தொகுப்பில் நீச்சல், சைக்கிள் எல்லாம் கலந்திருக்கிறது. மாரத்தானுக்கு அப்படியே பொருத்தலாமா?

பழையஷூ | நவம்பர் 5, புதன் காலை

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மாரத்தானுக்கென்றே 2021-இல் டப்ளினில் இருந்து ஒன்று வந்தது. ஸ்ட்ராவா பதிவுகளில் இருந்து 1,58,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரர்கள். மூன்று வாரமும் ஒழுங்காக, ஒவ்வொரு வாரமும் முந்தையதைவிடக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள், டேப்பர் அதிகம் செய்யாதவர்களைவிடச் சுமார் ஐந்தரை நிமிடம், அதாவது 2.6 சதவீதம், முன்னால் முடித்திருக்கிறார்கள். ஒரு வாரம் குறைத்து அடுத்த வாரம் ஏற்றி மறுபடி குறைத்தவர்களுக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 5, புதன் மதியம்

அது சோதனை இல்லையே, பதிவுகளைப் பார்த்து எடுத்த கணக்கு. மூன்று வாரம் ஒழுங்காகக் குறைக்கிற ஆள் அதற்கு முந்தைய மூன்று மாதமும் ஒழுங்காக ஓடியிருப்பான். பந்தயத்திலும் முதல் 10 கி.மீ. அடக்கி ஓடியிருப்பான். ஐந்தரை நிமிடம் டேப்பர் கொடுத்ததா, ஆளின் குணம் கொடுத்ததா?

பழையஷூ | நவம்பர் 5, புதன் மதியம்

இருக்கலாம். மறுக்க மாட்டேன். ஆனாலும் இரண்டு வாரமா மூன்று வாரமா என்பதை நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். வாரம் 100 ஓடுகிறவருக்குச் சோர்வு ஆழமாக இருக்கும், மூன்று வாரம் தேவைப்படும். 40 ஓடுகிறவருக்கு முதல் வாரக் குறைப்பு லேசாக இருந்தால் போதும்.

ஞாயிறுஓட்டம் | நவம்பர் 5, புதன் இரவு

அந்த 40 நான்தான். வேலை, பிள்ளைகள், வார நாளில் 5 கி.மீ.-க்கு மேல் நேரம் கிடையாது. 5, 5, 5, ஞாயிறு 30. மொத்தம் 45. இதில் 20 சதவீதம், 40 சதவீதம் என்று நான் எங்கே வெட்டுவேன்? ஐந்தை நான்காக்கவா?

பழையஷூ | நவம்பர் 6, வியாழன் காலை

அக்கா, உங்கள் வார நாட்களைத் தொடவே வேண்டாம். ஞாயிறு 30 என்பதை 21 ஆக்குங்கள், மொத்தம் 36, அதுவே 20 சதவீதம். அடுத்த ஞாயிறு 12, மொத்தம் 27, அது 40. பந்தய வாரத்தில் 5, 5, 3. உங்களுக்கு டேப்பர் என்றால் லாங் ரன் குறைவது மட்டும்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், திட்டாதீர்கள். வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே காலையில் ஓடுகிறவருக்கு, கடைசி 30 ஏற்படுத்திய வலி ஆற மற்றவர்களைவிட நாளாகும். எனவே அந்த 30-ஐ மூன்று வாரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன் வைக்காதீர்கள்.

ஞாயிறுஓட்டம் | நவம்பர் 6, வியாழன் காலை

திட்டவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அந்த ஞாயிறு கிடைக்காது. நான்கு வாரத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 9, ஞாயிறு இரவு

முதல் வாரம் முடிந்தது. 10, 8, 10, 6, 22. எழுதியபடியே ஓடினேன். ஆனால் ஆப்பைத் திறந்தால் இந்த வாரம் 66 என்று காட்டுகிறது. 70-இல் இருந்து 66. ஆறு சதவீதம்கூடக் குறையவில்லை! எங்கே இடிக்கிறது?

கணக்குப்பிள்ளை | நவம்பர் 9, ஞாயிறு இரவு

உங்கள் ஆப் வாரத்தை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. போன ஞாயிறு ஓடிய 32-ஐ இந்த வாரத்தில் போட்டு, இன்று ஓடிய 22-ஐ அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டது. 32-உடன் 34. மொத்தம் 66.

இதே கணக்கில் போனால் அடுத்த வாரம் 50, பந்தய வாரம் 34 என்று காட்டும். ஓட்டம் ஒன்றுதான், ஆனால் 20-40-பந்தயம் என்பது 6-29-51 என்று தெரியும். அமைப்பில் போய் வாரத் தொடக்கத்தைத் திங்களுக்கு மாற்றுங்கள். வரைபடத்தை நம்பி நாளைக்கே ஓட்டத்தை வெட்டிவிடாதீர்கள்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 9, ஞாயிறு இரவு

மாற்றினேன். 56. உயிர் வந்தது.

பத்துகே | நவம்பர் 10, திங்கள் காலை

பேனா பேப்பரில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

தொடர்ஓட்டம் | நவம்பர் 13, வியாழன் இரவு

இன்று 8 கி.மீ., நடுவில் 4 டெம்போ. வேகம் வந்தது, ஆனால் இனிமையாக இல்லை. இடது குதிகாலில் ஒரு குத்தல், நேற்று வலது தொடையில் இருந்தது. எடையும் ஒரு கிலோ ஏறியிருக்கிறது. ஓடுவதைக் குறைத்ததும் தொப்பை போட ஆரம்பித்துவிட்டதா? பேசாமல் சனிக்கிழமை 5-க்குப் பதில் 10 ஓடலாமா என்று கை பரபரக்கிறது.

முட்டிவலி | நவம்பர் 13, வியாழன் இரவு

எனக்கும் இதே. போன தடவை டேப்பரில் முட்டி, கணுக்கால், முதுகு என்று ஊர்வலம் போனது. பந்தயத்தன்று ஒன்றும் இல்லை.

பழையஷூ | நவம்பர் 14, வெள்ளி காலை

எடை கொழுப்பு அல்ல. ஓட்டம் குறைந்து சாப்பாடு அப்படியே இருந்தால் தசையில் கிளைக்கோஜன் நிரம்பும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் உட்காரும். ஒரு கிலோ ஏறியிருந்தால் பெரும்பகுதி அதுதான், 30 கி.மீ. தாண்டும்போது உங்களுக்குத் தேவைப்படும் சரக்கு. இப்போது சாப்பாட்டைக் குறைத்தால் காலித் தொட்டியோடு போய் நிற்பீர்கள்.

வலிக்கு நான் பார்ப்பது: இடம் மாறிக்கொண்டே இருந்து, ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் முந்தையதைவிட முன்னதாகவே தொடங்கினாலோ, நடையைச் சாய்த்தாலோ அது வேறு. அப்போது சதவீதத்தை மறந்துவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுடையது நேற்றுத் தொடை, இன்று குதிகால். சனிக்கிழமை 5 ஓடிவிட்டு மாற்றத்தைப் பாருங்கள்.

10 வேண்டாம். இந்தக் கட்டத்தில் கூடுதலாக ஓடுகிற 5 கிலோமீட்டர் 23ஆம் தேதிக்குள் உடம்பில் சேராது, சோர்வு மட்டும் சேரும். டப்ளின் கணக்கில் ஏற்றி இறக்கியவர்கள் என்று சொன்னேனே, இப்படித்தான் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேருகிறோம்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 19, புதன் இரவு

சனி 5, ஞாயிறு 14, நேற்று 7. அதில் மாரத்தான் பேஸ் 3 கி.மீ., கிலோமீட்டருக்கு 5:35. மூச்சு வாங்கவே இல்லை, இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. குதிகால் குத்தல் சனிக்கிழமையே போய்விட்டது. இன்று 4 ஓடினேன், கால் மந்தம். சனிக்கிழமை 3 கி.மீ. அவசியமா? முந்தின நாள் ஓய்வு நல்லது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 19, புதன் இரவு

ஓய்வு. வெள்ளி, சனி இரண்டு நாளும். 17 கி.மீ.-யில் முடித்தால் 38-க்கு 55 சதவீதக் குறைப்பு, பிளான் சொன்ன 60-க்கு இன்னும் பக்கம்.

பழையஷூ | நவம்பர் 20, வியாழன் காலை

வெள்ளி ஓய்வு, சனி 3 என்பதே என் பழக்கம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல நிறுத்தினால் எனக்குக் கால் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் அது எனக்கு. இருபது வருடம் ஓடும் என் நண்பர் ஒருவர் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாளும் ஷூவையே தொட மாட்டார், என்னைவிட வேகமாக முடிப்பார். இந்த 3 கி.மீ.-க்கு ஆதாரம் எதையும் காட்ட என்னால் முடியாது. உங்கள் லாங் ரன்களுக்கு முந்தைய நாள் எப்போதும் 6 ஓடியிருக்கிறீர்கள், அதனால் 3 ஓடச் சொல்கிறேன்.

தொடர்ஓட்டம் | நவம்பர் 24, திங்கள் மாலை

3:57. மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை 3 ஓடினேன். நேற்று முதல் 5 கி.மீ. கால் மந்தமாகத்தான் இருந்தது, 8-க்குப் பிறகு சரியானது. 35 வரை பேஸ் நின்றது.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 24, திங்கள் மாலை

வாழ்த்துகள். முதல் 5 மந்தம் என்றால் 20 கூடுதல் என்று அர்த்தம். 15 ஓடியிருக்கலாம்.

பழையஷூ | நவம்பர் 24, திங்கள் மாலை

15 ஓடியிருந்தால் மந்தம் 10 வரைக்கும் போயிருக்கும்.

முட்டிவலி | நவம்பர் 25, செவ்வாய் காலை

எனக்கு டிசம்பர் 20, சனிக்கிழமை பந்தயம். அடிப்படை 55, அது சரி. ஆனால் வாரம் திங்கள் தொடங்கினால் பந்தய வாரத்தில் எனக்கு ஐந்து நாள்தான். எந்த ஓட்டத்தை எடுப்பது?

பழையஷூ | நவம்பர் 25, செவ்வாய் காலை

எதையும் எடுக்க வேண்டாம். நவம்பர் 29-இல் இருந்து லாங் ரன்னையே சனிக்கிழமைக்கு மாற்றி, வாரத்தை ஞாயிறு தொடங்கி எண்ணுங்கள். மற்ற நாட்களும் ஒரு நாள் முன்னால் வரட்டும். ஆப்பையும் ஞாயிறுக்கு மாற்றிவிடுங்கள், உங்களுக்கு அதுதான் சரியான அமைப்பு. முட்டி எப்படி இருக்கிறது, ஒரே இடமா?